போட்ட கமெண்ட் எங்கே போகிறது?

கரூரில் இருக்கும் என் அத்தை மாடித்தோட்டம் பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறார். நாட்டுக் கத்தரி, கொத்தவரை, மண்கலவை என்று வாரம் ஒரு வீடியோ போடுவார், விதையும் விற்பார். ஒரு நாள் போனில் கூப்பிட்டு, "ஏன்டா, கேள்வி கேட்டா நான் பதிலே சொல்றதில்லையாம். எனக்குக் கேள்வியே வரலையேடா, எதுக்குப் பதில் சொல்ல?" என்றார். அவருடைய வீடியோவைத் திறந்து பார்த்தேன். பாராட்டும் கைகூப்பும் பொம்மைகளும் நிறைய இருந்தன. கேள்வி என்று பார்த்தால் ஒன்றிரண்டுதான். விதை விற்பவரின் சேனலில் விதை எங்கே கிடைக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றால் நம்ப முடியுமா?

கேள்விகள் வந்துதான் இருந்தன. வெளியே தெரியாமல் ஒரு வரிசையில் காத்திருந்தன. யூடியூப் அந்த வரிசைக்கு வைத்திருக்கும் பெயர் Held for review. பரிசீலனைக்காக நிறுத்திவைத்தவை என்று பொருள் கொள்ளலாம். வீடியோ ஓடும் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் இது கண்ணில் படாது. சேனல்காரராகவே உள்நுழைந்து பார்த்தாலும், சாதாரண யூடியூப் ஆப்பில் கமெண்டுகளை மேலும் கீழும் உருட்டிப் பார்ப்பதால் பயனில்லை. அது இருப்பது யூடியூப் ஸ்டுடியோவில்.

கம்ப்யூட்டரில் studio.youtube.com திறந்தால் இடது ஓரத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் Comments என்று பல ஆண்டுகள் இருந்த இடத்தில் இப்போது Community என்று காட்டுகிறது. அதைத் தொட்டால் கமெண்டுகள் வரும். ஆனால் முதலில் வருபவை வெளியான கமெண்டுகள், அதாவது Published. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். Published என்பதற்குப் பக்கத்திலோ, அதைத் தொட்டால் விரியும் பட்டியலிலோ Held for review இருக்கும். போனில் பார்க்கிறவர்கள் YouTube Studio என்ற தனி ஆப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். அதிலும் கமெண்ட் பகுதிக்குப் போய், Published என்பதைத் தொட்டு Held for review-க்கு மாற்ற வேண்டும். முன்பு Likely spam என்று இன்னொரு தாவலும் தனியாக இருந்தது. உங்கள் திரையில் அப்படி ஒன்று தனியாகத் தெரிந்தால் அதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

வரிசை காலியாகத் தெரிந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். மேலே வடிகட்டி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். பதில் சொல்லாதவை மட்டும், கேள்வி உள்ளவை மட்டும் என்று முன்பு எப்போதோ தேர்ந்தெடுத்தது அப்படியே நின்றிருந்தால் மற்றவை மறைந்துதான் இருக்கும். ஒரே மின்னஞ்சலில் இரண்டு சேனல் வைத்திருப்பவர்கள் வேறு சேனலுக்குள் நின்றுகொண்டு தேடுவதும் உண்டு. அத்தை அதைத்தான் செய்தார். பத்து வருடத்துக்கு முன் பேத்தியின் நடன வீடியோ போடத் தொடங்கிய பழைய சேனலில் நின்றுகொண்டு "ஒண்ணுமே இல்லையேடா" என்றார். வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டுச் சேனலை மாற்றியதும் வரிசை வந்தது. 37 கமெண்டுகள்.

யார் நிறுத்தினார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. யூடியூப் நிறுத்தியது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் நிறுத்துகிற கை ஒன்றல்ல.

ஒரு கை இயந்திரத்துடையது. 2016 நவம்பரில் யூடியூப் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. பொருத்தமற்றதாக இருக்கக்கூடும் என்று கணினி கருதும் கமெண்டுகளை வெளியிடாமல், சேனல்காரர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று ஒதுக்கி வைக்கும் வசதி. அப்போது அது விரும்பினால் போட்டுக்கொள்ளும் ஒன்று. பிற்பாடு அதுவே இயல்பான நிலையாகிவிட்டது. இன்று புதுச் சேனல் தொடங்கி எதையும் தொடாமல் விட்டால் இந்த வடிகட்டி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அமைப்புகளில் இதற்கு நான்கு படிகள் உண்டு. None என்றால் இயந்திரம் எதையும் நிறுத்தாது. Basic என்றால் தவறாக இருக்கக்கூடியவற்றை நிறுத்தும். Strict என்றால் வலையை இன்னும் அகலமாக விரிக்கும். Hold all என்றால் வருவது எல்லாமே உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும். யாராவது எப்போதோ Hold all வைத்துவிட்டு மறந்துபோனால், "என் வீடியோவுக்கு யாருமே கமெண்ட் போடுவதில்லை" என்ற புலம்பல்தான் மிஞ்சும்.

இந்த நான்கும் வீடியோவுக்கு வீடியோ மாறலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேனலின் பொது அமைப்பில் நீங்கள் தேர்ந்தெடுப்பது இனிமேல் ஏற்றப்போகும் வீடியோக்களுக்கு மட்டும். ஏற்கெனவே ஏற்றியவை பழைய படியிலேயே நிற்கும். ஒரு குறிப்பிட்ட வீடியோவில் மட்டும் கமெண்ட் வரவில்லை என்றால் அந்த வீடியோவின் Details பக்கத்தில் Show more தட்டி, கீழே உள்ள கமெண்ட் அமைப்பைப் பாருங்கள். நிறைய வீடியோக்களை ஒன்றாக மாற்ற வேண்டுமானால் Content பட்டியலில் அவற்றுக்கு டிக் போட்டு, Edit வழியாக ஒரே தடவையில் மாற்றிவிடலாம்.

இன்னொரு கை சேனல்காரருடையது. அத்தை வீட்டுக் கதையில் அது என்னுடையது. இரண்டு வருடம் முன் அத்தையின் சேனலில் மோசடிக்காரர்கள் புகுந்தார்கள். அத்தையின் படத்தையே வைத்து, அவர் பெயரிலேயே கணக்கு தொடங்கி, "நீங்கள் பரிசுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், இந்த நம்பரில் வாட்ஸ்அப் செய்யுங்கள்" என்று ஒவ்வொரு கமெண்டுக்கும் கீழே பதில் போட்டார்கள். இது உலகம் முழுக்க நடக்கிற தொல்லை. நான் வீரமாக இறங்கினேன். ஸ்டுடியோவில் Settings திறந்து, Community என்று தொடங்கும் பகுதியில் Blocked words என்ற பெட்டியைக் கண்டுபிடித்து, தோன்றியதையெல்லாம் எழுதினேன்: whatsapp, telegram, வாட்ஸ்அப், number, நம்பர், நெம்பர், nambar. அதற்குக் கீழே Block links என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கும் டிக் போட்டேன். மோசடி நின்றது. எனக்கு ஒரு டம்ளர் மோர் கிடைத்தது. இரண்டு வருடம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தப் பெட்டி செய்கிற வேலை இதுதான். அதில் உள்ள சொற்களோடு ஒத்துவரும் கமெண்ட் எது வந்தாலும் நல்லதா கெட்டதா என்று பார்க்காது. நேராக Held for review-க்கு அனுப்பிவிடும். நேரலை அரட்டையாக இருந்தால் இன்னும் கடுமை. அங்கே வரிசையெல்லாம் கிடையாது, செய்தி அப்படியே தடுக்கப்பட்டுவிடும். Block links கட்டத்துக்கும் இதே போக்குதான். இணைப்பு உள்ள கமெண்டை மட்டும் அது நிறுத்தும் என்று நினைத்திருந்தேன். ஹேஷ்டேக் போட்ட கமெண்டையும் சேர்த்தே நிறுத்தும். #மாடித்தோட்டம் என்று பாசமாக எழுதியவரும் மாட்டிக்கொள்வார்.

சரி, 37 கமெண்டுகளுக்கு வருவோம். ஒவ்வொரு கமெண்டுக்குப் பக்கத்திலும் இது இன்ன காரணத்தால் நின்றது என்று எழுதியிருக்காது. நாமே ஊகிக்க வேண்டியதுதான். உட்கார்ந்து பிரித்தோம். 22 கமெண்டுகளில் நம்பர் என்ற சொல் ஏதாவது ஒரு எழுத்துக்கூட்டலில் இருந்தது. "அம்மா, விதை வேணும், நம்பர் கொடுங்க", "ungal number pls", "கூரியர் பண்ணுவீங்களா, நம்பர் சொல்லுங்க". அத்தனை பேரும் விதை வாங்க வந்தவர்கள். ஆறு கமெண்டுகள் அசல் மோசடி. நான்கில் இணைப்பு இருந்தது. அதில் ஒன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி மேலாண்மைப் பக்கம், யாரோ அக்கறையாகக் கொடுத்தது. மிச்சம் ஐந்து.

அந்த ஐந்தில் என் பட்டியலில் இருந்த சொல் எதுவும் இல்லை, இணைப்பும் இல்லை, ஹேஷ்டேக்கும் இல்லை. ஆகவே அவை இயந்திரம் பிடித்தவை என்று வைத்துக்கொண்டோம். மூன்று உண்மையிலேயே கெட்ட வார்த்தை. ஒன்று ஏதோ கட்சிச் சண்டை, அது கத்தரிக்காய் வீடியோவுக்குக் கீழே எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கடைசி ஒன்று, "அசுவினியைக் கொல்றதுக்கு வேற வழியே இல்லையா, எல்லாத்தையும் எரிச்சிரலாம்னு இருக்கு" என்று அசுவினிப் பூச்சியால் விரக்தியடைந்த விவசாயி ஒருவர் எழுதியது. கொல்வதையும் எரிப்பதையும் பார்த்துத்தான் நிறுத்தியதோ என்னவோ. அசுவினி எது, ஆள் எது என்று கணினிக்குத் தெரியாமல் போவதில் வியப்பில்லை. இந்த வடிகட்டி நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது, நீங்கள் பார்த்துப் பார்த்து முடிவு சொல்லச் சொல்ல மேம்படும் என்று அறிமுகப்படுத்தும்போதே யூடியூப் சொல்லியிருந்தது.

காரணத்தை ஊகிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் கமெண்டில் உங்கள் தடைச்சொல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இணைப்போ ஹேஷ்டேக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த வீடியோ Hold all-ல் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லாதபோது மட்டும் இயந்திரத்தின் மேல் பழியைப் போடுங்கள். எங்கள் கணக்கில் 37-ல் 32 நாங்களே நிறுத்தியவை.

இன்னொன்று. வரிசையைத் திறந்ததும் சில கமெண்டுகள் மூடிய நிலையில் இருக்கலாம், தொட்டால்தான் படிக்க முடியும். புண்படுத்தக்கூடியவை என்று தோன்றுபவற்றைச் சேனல்காரர் விருப்பமில்லாமல் படிக்க நேரக்கூடாது என்று 2020 டிசம்பரில் அறிவித்த ஏற்பாடு அது. அத்தையிடம் ஸ்டுடியோவை ஒப்படைக்கும்போது இதைத்தான் முதலில் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் திறந்து படித்துவிட்டு, "இவ்வளவுதானா? உங்க மாமா இதவிட மோசமாப் பேசுவாரு" என்றார்.

வரிசையில் உள்ள ஒவ்வொரு கமெண்டுக்கும் சில பொத்தான்கள் உண்டு. டிக் அடித்தால் கமெண்ட் வெளியாகும். குப்பைத்தொட்டியைத் தொட்டால் நீங்கும். கொடியைத் தொட்டால் யூடியூபுக்குப் புகார் போகும். அப்புறம் அந்த ஆளையே சேனலில் மறைத்துவிடும் வாய்ப்பும் உண்டு. மறைத்த ஆளின் கமெண்ட் அதற்குப் பிறகு இந்த வரிசைக்குக்கூட வராது, அவருக்கு அது தெரிவிக்கப்படவும் மாட்டாது. அதனால் கோபத்தில் மறைக்க வேண்டாம். மறைத்தவர்களின் பட்டியல் தடைச்சொற்கள் இருக்கும் அதே அமைப்புப் பக்கத்தில் Hidden users என்ற பெயரில் இருக்கும், மனம் மாறினால் அங்கே போய் எடுத்துவிடலாம். அதே பக்கத்தில் Approved users என்ற பட்டியலும் உண்டு. அதில் இருப்பவர்களின் கமெண்டுகள் தடைச்சொல்லிலும் இணைப்பிலும் சிக்காது. பல்கலைக்கழக இணைப்பைக் கொடுத்தவரை அத்தை அதில் சேர்த்துவிட்டார்.

தடைச்சொல்லை நீக்கினால் நின்றவையெல்லாம் தானாக வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. அமைப்பை மாற்றுவது இனி வருபவற்றுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே வரிசையில் நிற்பவற்றைக் கையால்தான் விடுவிக்க வேண்டும். நம்பர், number, நெம்பர், nambar நான்கையும் பட்டியலிலிருந்து எடுத்தோம். telegram இருக்கட்டும் என்று விட்டோம், விதை வாங்க வருகிறவர் யாரும் டெலிகிராமில் வாருங்கள் என்று சொல்வதில்லை. தமிழ்ச் சேனலுக்குத் தடைச்சொல் எழுதுவது தனித் தலைவலி. ஒரே சொல்லைத் தமிழில் இரண்டு விதமாகவும் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகவும் எழுதுகிறோம். வேற்றுமை உருபு சேர்ந்தால் இன்னும் பெருகும். அத்தனையையும் எழுதினால்தான் பட்டியல் பிடிக்கும். எழுதினால் நல்லவரும் மாட்டுவார். ஆகவே மோசடிக்காரர் மட்டுமே பயன்படுத்தும் சொல்லாகப் பார்த்து எழுத வேண்டும். நம்பர் அப்படிப்பட்ட சொல் அல்ல.

கமெண்ட் போட்டவர் பக்கம் என்ன தெரிகிறது? உங்கள் கமெண்ட் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்கு அறிவிப்பு போவதில்லை. போட்டுவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். அதனால்தான் பதில் வராதபோது கோபம் வருகிறது. தன் கமெண்ட் வெளியானதா என்று அவர் பார்க்க விரும்பினால், உள்நுழையாத மறைவுச் சாளரத்தில் அதே வீடியோவைத் திறந்து, கமெண்டுகளைப் புதியவை முதலில் என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம். தன் கணக்கிலேயே பார்த்தால் ஏமாற வாய்ப்புண்டு. சேனல்காரர்களும் அமைப்பை மாற்றிய பிறகு சோதிக்க நினைத்தால் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து கமெண்ட் போட்டுப் பார்க்கக்கூடாது. உங்கள் கமெண்டை உங்கள் தடைச்சொல் பிடிக்காது. வீட்டில் இன்னொருவரின் போனை வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

காணாமல் போன கமெண்ட் எல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கும் என்றும் இல்லை. யூடியூபின் விதிகளை மீறியது என்று நிறுவனமே நீக்கியவை இங்கே வராது, சேனல்காரர் நினைத்தாலும் மீட்க முடியாது. இதன் அளவு பெரியது. 2022-ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் 110 கோடிக்கு மேற்பட்ட குப்பைக் கமெண்டுகளை நீக்கியதாக யூடியூப் அறிவித்தது. போட்டவரே அழித்துவிட்டவையும் இருக்காது. குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோவில் 2020 ஜனவரியிலிருந்து கமெண்ட் பகுதியே கிடையாது, ஆகவே வரிசையும் இல்லை. பாட்டிக் கதை சொல்லும் சேனல்காரர்கள் சிலர் வரிசையைத் தேடி அலைவது இதனால்தான்.

நாளுக்கு நூற்றுக்கணக்கில் கமெண்ட் வரும் சேனல் என்றால் ஸ்டுடியோவில் உருட்டிக்கொண்டிருக்க முடியாது. நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்தால் யூடியூபின் ஏபிஐ வழியாக இந்த வரிசையை மட்டும் எடுக்கலாம்:

```
GET https://www.googleapis.com/youtube/v3/commentThreads
    ?part=snippet,replies
    &allThreadsRelatedToChannelId=CHANNEL_ID
    &moderationStatus=heldForReview
    &maxResults=100
```

இதற்கு வெறும் ஏபிஐ சாவி போதாது, சேனல்காரரின் அனுமதியோடு உள்நுழைந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: முதல் கமெண்ட் வெளியாகி, அதற்கு வந்த பதில் ஒன்று மட்டும் நின்றிருந்தாலும் அந்த முழு உரையாடலும் விடையில் வரலாம். எது நின்றது என்று உள்ளே பார்க்க வேண்டும். moderationStatus இடத்தில் likelySpam என்று கொடுத்தால் குப்பை என்று சந்தேகிக்கப்பட்டவை வரும்.

நின்ற கமெண்டுகளுக்கு ஆயுள் உண்டு, அதிகபட்சம் 60 நாள். அதற்குள் யாரும் பார்க்காவிட்டால் அவை வரிசையிலிருந்து போய்விடும். பிறகு எங்கும் தேடி எடுக்க முடியாது. இரண்டு வருடம் என் தடைச்சொற்கள் அந்தச் சேனலில் நின்றன. நாங்கள் பார்த்த 37-ம் கடைசி 60 நாளில் வந்தவை. அத்தை அன்று முழுக்க உட்கார்ந்து 22 பேருக்கும் பதில் எழுதினார். சாயங்காலம் ஆனதும், "போன ஆடிப்பட்டத்துல கேட்டவங்க கமெண்ட் எந்தப் பக்கத்துலடா இருக்கும்?" என்று கேட்டார்.

"அது இல்லை அத்தை" என்றேன்.